முடியாத கரெக்‌ஷன், வராத கடைசித் தவணை: வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

*“ஃப்ரீலான்ஸ் டிசைனர் நான். ஒரு மசாலா கம்பெனிக்கு 40,000 ரூபாய்க்கு பாக்கெட் டிசைன் பேசினோம். ‘பிடித்தபின் மீதிப் பணம்’ என்றார்கள். கரெக்‌ஷன் முடியவே இல்லை, பாதிப் பணம் நிற்கிறது. அடுத்த வேலைக்கு ஸ்டேட்மென்ட் ஆஃப் வொர்க் எப்படி எழுதுவது?”*

சிக்கல் ‘பிடித்தபின்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. பிடிப்பது அவர்கள் கையில், அதற்குத் தேதியும் கிடையாது. ஆகவே பணத்தை அவர்களுடைய திருப்தியோடு கட்டாதீர்கள். நீங்கள் ஃபைலை அனுப்பும் நாளோடு கட்டுங்கள்.

இதே வேலையை எடுத்துக்கொள்வோம். ‘பாக்கெட் டிசைன்’ என்று மட்டும் எழுதினால் நாளைக்கு அட்டைப்பெட்டியும் அதில் சேர்ந்துவிடும். ‘சாம்பார் பொடி, ரசப்பொடி, மிளகாய்த்தூள், 100 கிராம் பாக்கெட், முன்பக்கமும் பின்பக்கமும், அச்சுக்கான பிடிஎஃப்’ என்று எண்ணிப் பார்க்கும்படி எழுதுங்கள். பின்பக்கத்தில் வரும் சேர்மானம், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் போன்றவற்றைத் தருவதும் சரிபார்ப்பதும் கிளையண்டின் பொறுப்பு என்று ஒரு வரி சேருங்கள். பெரும்பாலும் தாமதம் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது திருத்தம். ‘இரண்டு திருத்தம்’ என்று எழுதினால் போதாது. முதலாளி ஒன்று சொல்வார், மறுநாள் அவர் மகன் வாட்ஸ்அப்பில் வேறொன்று சொல்வார். அது ஒரு திருத்தமா, இரண்டா? இப்படி எழுதலாம்:

*“ஒரு சுற்று என்பது, கிளையண்ட் குறிப்பிட்ட ஒரே நபர் எல்லா மாற்றங்களையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புவது. இரண்டு சுற்றுகள் கட்டணத்தில் அடங்கும். கூடுதல் சுற்று ஒவ்வொன்றுக்கும் ரூ.2,500. தேர்ந்தெடுத்த டிசைனை விட்டு வேறு டிசைன் கேட்டால் அது புது வேலை. ஃபைல் அனுப்பிய 7 நாளில் பதில் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்.”*

கொடுத்த வாசகத்தை நீங்கள் தப்பாக டைப் செய்திருந்தால் அதைச் சுற்றில் கணக்கிடாதீர்கள். அதையும் எழுதிவிடுங்கள், அதுதான் நியாயம்.

பணத்தை மூன்றாகப் பிரிக்கலாம். கையெழுத்தானதும் 16,000. முதல் டிசைனை அனுப்பிய 7 நாளில் 14,000, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். மீதி 10,000 வந்தபின் அச்சு ஃபைல். அதுவரை வாட்டர்மார்க் போட்ட, குறைந்த தரப் படம் மட்டும் அனுப்புங்கள். அச்சகம் காத்திருக்கும்போது இந்தத் தவணை தானாக வந்துவிடும். முதல் தவணைக்கு இறங்கி வரலாம், இதில் மட்டும் இறங்காதீர்கள்.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவும் செய்துகொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, பதிவு செய்த சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்துக்கு, ஒப்பந்தத்தில் எவ்வளவு அவகாசம் எழுதினாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. அப்புறம், டிசைனின் பதிப்புரிமை முழுப்பணம் வந்தபின்தான் கிளையண்டுக்கு மாறும் என்று எழுதுங்கள். அந்த மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ என்று வாங்கி வைத்தால் போதாது.