கடலோர மாடிக்குச் சோலார் ஸ்டாண்டு: அலுமினியமா, ஜி.ஐ.யா?

"சென்னையில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. மொட்டை மாடியில் ஆள் உயரத்துக்குப் பேனல் வைக்க எந்த ஸ்டாண்டு நல்லது?"

உயரமான கால்களுக்கு, உருகிய துத்தநாகத்தில் முக்கி முலாம் பூசிய இரும்பான ஹாட் டிப் ஜி.ஐ.; பேனல் உட்காரும் ரெயிலுக்கு அனோடைஸ் செய்த அலுமினியம். அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதில் செய்த உயரக் கால்கள் காற்றில் ஆடும். ஜி.ஐ. துருப்பிடிப்பது பெரும்பாலும் மாடியில் வைத்துத் துளையிட்ட இடத்தில்தான். அதனால் துளை போட்ட பிறகே முலாம் பூசச் சொல்லுங்கள்.

போல்ட் எஸ்.எஸ். 316 ஆக இருக்கட்டும். ஜி.ஐ.யும் அலுமினியமும் நேராகத் தொடாதபடி நடுவே ரப்பர் பட்டை வையுங்கள்.

சென்னைக்கு வடிவமைப்பில் எடுக்கும் அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர். காற்றழுத்தம் 0.6 × 50² = சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன்; அதாவது 2 சதுர மீட்டர் பேனலைத் தோராயமாக 300 கிலோ விசை தூக்கப் பார்க்கும். பேனலின் எடையோ முப்பது கிலோகூட இராது! ஆங்கர் போல்ட் தட்டோட்டில் நிற்காமல் கான்கிரீட்டுக்குள் இறங்கியதா என்று பாருங்கள்.