முன்னாளா, முன்னாலா, முந்நாளா?

கேள்வி: குறுக்கெழுத்தில் விடை பிடிபட்ட பிறகும் ல, ள, ழ-வில் எது, ந, ன, ண-வில் எது என்று மாட்டிக்கொள்கிறேன். குறிப்பை வைத்தே சரியானதைக் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். முன்னாள், முன்னால், முந்நாள் என்ற மூன்றையும் எடுத்துக்கொள்வோம். மூன்றுக்கும் நான்கு கட்டம், வேகமாகச் சொன்னால் மூன்றும் ஒன்றுபோலவே கேட்கும்.

நேர்க்குறிப்பாக இருந்தால் சிக்கலே இல்லை. "எதிரே" என்றால் முன்னால். "பதவி போனவருக்கு அடைமொழி" என்றால் முன்னாள். "மூன்று தினம்" என்றால் முந்நாள். மூன்று என்பது மு என்று குறுகி, நாள் என்பதன் ந இரட்டித்து வந்த சொல் அது. முந்நூறு என்று எழுதுவதும் இதே கணக்குதான்.

புதிர்க்குறிப்பு என்றால் சொல்லை உடைத்துக் கொடுத்திருப்பார்கள். "முந்தைய மரம் எதிரில் (4)" என்று ஒரு குறிப்பு இருக்கட்டும். எதிரில் என்பது பொருள். முந்தைய என்பதற்கு முன், மரத்துக்கு ஆல். சேர்த்தால் முன்னால், எனவே கடைசியில் ல். அதையே "முந்தைய மனிதர் இப்போது பதவியில் இல்லை (4)" என்று மாற்றினால் மரம் போய் ஆள் வந்துவிடுகிறது, விடை முன்னாள். பொருளை மட்டும் பார்த்து விடையை ஊகித்தவர்கள்தான் இங்கே ல், ள் என்று தடுமாறுவார்கள். துண்டுகளை ஒட்டிப் பார்த்தவருக்கு எழுத்து தானாகவே கிடைத்துவிடும். காதில் ஒன்றாக ஒலித்தாலும், ஆல் வேறு, ஆள் வேறு.

கட்டமும் உதவும். மூன்றாவது கட்டத்திலிருந்து நெடுக்காக ஒரு சொல் தொடங்குகிறது என்றால் அங்கே னா வரவே வராது. தமிழில் ன, ண, ள, ழ எதுவும் சொல்லின் முதலில் நிற்பதில்லை. ஆகவே அந்தக் கட்டம் நா, விடை முந்நாள். அதேபோல நெடுக்குச் சொல்லில் சந்தேகமான மெய்க்கு அடுத்த எழுத்து த வரிசை என்றால் அது ந், ற வரிசை என்றால் ன், ட வரிசை என்றால் ண். இது பந்து, கன்று, வண்டு என்று நாம் யோசிக்காமலே எழுதுவதுதான்.

வினைச்சொல் விடைகளுக்கு நான் நம்புவது இறந்தகாலச் சோதனையை. "உயிரை வாங்கு (2)" என்று ஒரு குறிப்பு வந்தால் கொல்லா, கொள்ளா? வாங்கு என்பதற்குக் கொள் என்ற பொருளும் உண்டே, கொள்முதல் என்கிறோமே என்று மனம் அந்தப் பக்கம் இழுக்கும். ஆனால் குறிப்பு முழுவதற்கும் சேர்த்துத்தான் விடை இருக்க வேண்டும். உயிரை வாங்கினான் என்றால் கொன்றான். ன்ற வந்ததால் ல், விடை கொல். வெறும் "வாங்கு (2)" என்றிருந்தால் கொண்டான், ண்ட வந்ததால் ள். ழ் என்றால் வாழ்ந்தான், சூழ்ந்தான் என்று ழ் மாறாமல் நின்று ந்த சேரும். கற்றான் என்பதில் ற இருப்பதால் கல், கேட்டான் என்பதில் ட இருப்பதால் கேள். பெயர்ச்சொல்லிலும் ஓரளவு இது செல்லும்: பற்கள் என்பதால் பல், முட்கள் என்பதால் முள். அழை, விளை போல உயிரில் முடியும் சொற்களுக்கு இந்தச் சோதனை உதவாது. அங்கே குறிப்பின் வடிவத்தைப் பார்க்க வேண்டியதுதான். "கூப்பிடு" என்று ஏவலாக இருந்தால் அழை. "கரையில் மோதும்" என்று பொருளைச் சுட்டினால் அலை.

சரி, குறிப்பே கைவிடும் இடமும் உண்டு. "கதவை அடைக்க உதவும் (2)" என்று கேட்டால் தாள், தாழ் இரண்டுமே சரிதான். திருக்குறளில் 'அடைக்கும் தாழ்', திருப்பாவையில் 'தாள் திறவாய்'. இரண்டுக்கும் நல்ல சாட்சி இருக்கிறது. பவளம், பவழம் இரண்டும் அப்படியே. அந்த இடத்தில் நெடுக்குச் சொல்லை முதலில் போட்டுவிட்டு வாருங்கள். அந்தக் கட்டத்தை எந்தச் சொல்லும் வெட்டவில்லை என்றால் குறை புதிர் போட்டவருடையது. "எழுதவும் உதவும்" என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் தாள் என்று தெளிவாகியிருக்கும்.