அம்மாவின் செயின் எந்தக் கணக்கில் வருகிறது?

கேள்வி: வீட்டுக்கடன் பாக்கி 25 லட்சம். மாறும் வட்டி, இப்போது 8.5 சதவீதம். இன்னும் 15 வருடம், மாதத் தவணை 24,618 ரூபாய். சீட்டு எடுத்ததில் 3 லட்சம் கையில் இருக்கிறது. பேங்க் டெபாசிட்டுக்கு 7 சதவீதம் தருகிறார்கள். கடனில் கட்டச் சொல்கிறாள் மனைவி. கட்டிவிட்டால் அவசரத்துக்குக் கையில் ஒன்றும் இருக்காதே என்று எனக்குப் பயம். போன வருடம் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு, அம்மாவின் தாலிச் செயினை ஒரு நகைக்கடன் கம்பெனியில் ஒன்றரை வட்டிக்கு 70,000 ரூபாய்க்கு வைத்தோம். அந்த வட்டியை அம்மாவே தன் பென்ஷனில் கட்டிவருகிறார். அதனால் அந்தக் கவலை இல்லை. புதிய வரி முறையில் எனக்கு வரி எதுவும் வரவில்லை. கடனா, டெபாசிட்டா?

பதில்: யாருக்கு அந்தக் கவலை இல்லை, தம்பி? உங்களுக்கு இல்லை. அம்மாவைக் கேட்டீர்களா?

நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் என்றால் வருடத்துக்கு 18 சதவீதம். 70,000 ரூபாய்க்கு மாதம் 1,050. இந்த ஒரு வருடத்தில் 12,600 ரூபாய் உங்கள் அம்மா கட்டியிருக்கிறார், அசலில் ஒரு பைசா குறையவில்லை. நீங்களும் மனைவியும் மல்லுக்கட்டுவது எதற்கு? எட்டரைக்கும் ஏழுக்கும் நடுவில் ஒன்றரை சதவீதம். 3 லட்சத்துக்கு வருடம் 4,500 ரூபாய். அதற்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறீர்கள். அதைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு வட்டி அடுத்த அறையிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. அப்பாவின் வைத்தியம் மகன் செலவு. பெற்றவளின் பென்ஷனில் ஓடும் கடனும் உங்கள் கடன்தான். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

முதலில் செயினை மீட்டுவிடுங்கள். அசல் 70,000, அம்மா கட்டிய 12,600 அவர் கையில். வாங்க மாட்டேன் என்பார், கொடுங்கள். அடகு ரசீது அம்மா பெயரில் இருந்தால் அவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், அழைத்துக்கொண்டு போங்கள்.

மிச்சம் 2,17,400. இங்கே உங்கள் பயம் பாதி சரி. வழக்கமான வீட்டுக்கடனில் முன்கூட்டிக் கட்டிய பணத்தை நாளைக்கு வேண்டும் என்றால் திரும்ப எடுக்க முடியாது. புதிதாகக் கடன்தான் கேட்க வேண்டும். போன வருடம் கையிருப்பு இருந்திருந்தால் செயின் அந்தப் பெட்டிக்குப் போயிருக்காது. ஆகவே 1,17,400 ரூபாயை டெபாசிட்டில் போடுங்கள், ஒரே ரசீதாக இல்லாமல் இரண்டு மூன்றாகப் பிரித்து. அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைத்தால் போதும், மற்றவற்றின் வட்டி குறையாது. இந்தப் பணத்துக்கு ஒன்றரை சதவீதம் குறைவாகக் கிடைக்கிறதே என்று கணக்குப் பார்க்காதீர்கள். அது மறுபடி அடகுக் கடைக்குப் போகாமல் இருப்பதற்கான கூலி.

பாக்கி 1 லட்சம் வீட்டுக்கடனுக்கு. இந்த இடத்தில் உங்கள் மனைவி சொல்வதே சரி. ரிஸ்க் இல்லாமல், வரிக்குப் பிறகு எட்டரை சதவீதம் தரும் பேங்க் டெபாசிட் உங்களுக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்கடன் வட்டிக்கு வரிச் சலுகை உண்டே என்று ஆபீசில் யாராவது சொல்வார்கள். குடியிருக்கும் வீட்டுக்குப் புதிய முறையில் அது இல்லை. இப்போது நீங்கள் கட்டும் 24,618-இல் 17,708 ரூபாய் வட்டிக்கே போகிறது. அதனால் இப்போது கட்டும் லட்சத்துக்கு, பத்து வருடம் கழித்துக் கட்டும் லட்சத்தைவிட வேலை அதிகம்.

கட்டும் விதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு பேங்க் தவணைத் தொகையைக் குறைத்துவிடலாம். அப்படிச் செய்தால் மாதம் 985 ரூபாய் மிச்சமாகும், அது பெட்ரோலில் போய்விடும். 15 வருடத்தில் வட்டி மிச்சம் சுமார் 77,000. தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைத்தால் கிட்டத்தட்ட 14 மாதம் முன்னதாகக் கடன் முடியும். வட்டி மிச்சம் சுமார் 2.4 லட்சம். வட்டி விகிதம் மாறினால் இந்த எண்களும் கொஞ்சம் மாறும். தனிநபர் எடுத்த மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்ட அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டால் கொடுக்காதீர்கள்.

"தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் கடன் அட்டவணையை எடுத்துக் கடைசித் தவணை எந்தத் தேதி என்று பாருங்கள். தேதி முன்னே வரவில்லை என்றால் அந்த முத்திரைக் காகிதத்தோடு நேரே மேனேஜரிடம் போங்கள்.