மூன்று குதிரையிலும் பணம் கட்டி ஒரே தொகை திரும்பப் பெறுவது எப்படி?

"மூணு குதிரைக்கு ஆட்ஸ் 4, 5, 10. கையில் 1100 இருக்கு. எது ஜெயிச்சாலும் ஒரே தொகை வர எப்படிப் பிரிப்பது?"

ஆட்ஸ் 4 என்றால், ஜெயித்தால் கட்டிய பணம் நான்கு மடங்காகத் திரும்ப வரும். ஒன்றை ஒவ்வொரு ஆட்ஸாலும் வகுங்கள்: 0.25, 0.20, 0.10. கூட்டினால் 0.55. மொத்தப் பணத்தை இதால் வகுத்தால் 2000. எது ஜெயித்தாலும் திரும்ப வரும் தொகை இதுதான். இந்த 2000-ஐ அந்தந்த ஆட்ஸால் வகுத்தால் கட்ட வேண்டியது 500, 400, 200. லாபம் 900. மூன்றும் தோற்றால் 1100-உம் போய்விடும், அதை மறக்க வேண்டாம்.

உங்கள் ஆட்ஸ் 4/1 என்று பின்னமாக இருந்தால் வகுத்து ஒன்றைக் கூட்டி 5 என எடுங்கள். பலருக்குக் கணக்கு தவறுவது இங்கேதான்.

இன்னொரு சிக்கல், கட்டிக்கொண்டிருக்கும்போதே ஆட்ஸ் மாறுவது. முதல் குதிரையில் 500 கட்டியபின் இரண்டாவது 5-லிருந்து 4-க்கு இறங்கினால், பழைய 400-க்கு 1600தான் வரும். 2000 என்ற இலக்கை மாற்றாமல் அதில் 500 கட்டுங்கள். கையிலிருக்கும் 1100-க்கு மேல் இன்னும் 100 போட்டு மொத்தம் 1200 ஆகும், லாபம் 800-ஆகக் குறையும். அதனால் வேகமாக மாறும் ஆட்ஸை முதலில் கட்டிவிடுவது நல்லது.

ஒன்றை ஆட்ஸால் வகுத்துக் கூட்டிய தொகை 1-ஐத் தாண்டினால் எது ஜெயித்தாலும் நஷ்டம்தான். அப்போது கட்டவே வேண்டாம்.