தேர் அன்று பிள்ளையார்பட்டி: வண்டியை எங்கே விடுவது?

ஆவணி பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி பிள்ளையார்பட்டியைப் பற்றித்தான் இருக்கும். காரைக்குடி – திருப்பத்தூர் ரோட்டில் 29 வருடம் பஸ் ஓட்டியவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில்.

சதுர்த்தி அன்று சாயங்காலம் தேர் பார்க்க வருகிறோம். காரில் கோயில் வாசல் வரை விடுவார்களா? (கோயம்புத்தூர் வாசகர்)

விடமாட்டார்கள். அதோடு, நீங்கள் வரும்போது தேர் நிலைக்கு வந்து ஒரு நாள் ஆகியிருக்கும். இங்கே பத்து நாள் திருவிழா. தேரும் மூலவருக்குச் சந்தனக்காப்பும் ஒன்பதாம் நாள். பத்தாம் நாளான சதுர்த்தி அன்று காலையில் குளத்தில் தீர்த்தவாரி, மதியம் முக்குறுணி மோதகம். எதைப் பார்க்க வருகிறோம் என்று முடிவு செய்துவிட்டு நாளைக் குறியுங்கள். வருடா வருடம் இதை எழுதுகிறேன், வருடா வருடம் பத்தாம் நாள் வந்து தேர் எங்கே என்று கேட்கிறார்கள்.

பிள்ளையார்பட்டி திருவிழாவுக்கு எந்த வழி நல்லது? அவசரம், உடனே பதில் தரவும்.

எந்த ஊரிலிருந்து, எந்த நாள், எத்தனை பேர், கூட முதியவர் உண்டா, ஒன்றுமே எழுதவில்லை. அவசரம் என்பதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பொதுவாகச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும்.

பிள்ளையார்பட்டிக்கு ஒரு பக்கம் திருப்பத்தூர், மறுபக்கம் காரைக்குடி. இரண்டும் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்களோ அந்தப் பக்கத்து ஊரில் வண்டியை விட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். மதுரை, மேலூர்க்காரர்கள் திருப்பத்தூரில். தேவகோட்டை, ராமநாதபுரம் பக்கத்தவர் காரைக்குடியில். திருச்சி, புதுக்கோட்டையிலிருந்து வருகிறவர்கள் திருமயம் தாண்டி எந்தப் பக்கமும் போகலாம், ஆனால் ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். கோயிலைத் தாண்டி மறுபக்கம் போய் இடம் தேடலாம் என்று நினைத்தால், ரோட்டைத் திருப்பிவிட்ட நேரத்தில் பல கிலோமீட்டர் சுற்றி வர வேண்டியிருக்கும். திரும்பும்போதும் இதே கணக்குத்தான். வந்த பக்கத்து பஸ்ஸில்தான் ஏற வேண்டும். நெரிசலில் முதலில் நின்ற பஸ்ஸில் ஏறி, கார் திருப்பத்தூரில் இருக்க ஆள் காரைக்குடியில் போய் இறங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் அப்பத்தாவுக்கு 78 வயது, முழங்கால் வலி. சந்தனக்காப்பைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார். சென்னையிலிருந்து ஐந்து பேர் காரில் வருகிறோம். எப்படி அழைத்துப் போவது?

விவரமாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி அம்மா. சும்மா தரிசனம் என்றால் திருவிழாவின் முதல் சில நாட்களில் வாருங்கள் என்று சொல்லியிருப்பேன். சந்தனக்காப்பு ஒன்பதாம் நாள் மாலைதான் என்பதால் அன்றைக்கே வழி பார்ப்போம்.

முதலில் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். அப்பத்தாவைத் தெருவில் 200 மீட்டர் நடக்கவைத்து, நின்று உட்கார்ந்து எழுந்த நேரத்தையும் சேர்த்துக் கடிகாரத்தில் பாருங்கள். எட்டு நிமிடம் ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு 40 நிமிடம். கூட்டத்தில் அதைவிடக் கூடும். தடுப்பு எங்கே போடுவார்கள் என்பது அன்றன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. ஒரு கிலோமீட்டர் நடக்கத் தயார் என்ற கணக்கோடு வருவதுதான் பத்திரம். 200 மீட்டரே முடியவில்லை என்றால் சக்கர நாற்காலியைச் சென்னையிலிருந்தே கொண்டுவாருங்கள். இங்கே வந்து கிடைக்குமா என்று தேட வேண்டாம்.

எட்டாம் நாள் இரவே காரைக்குடி வந்து தங்குங்கள். காரை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இரண்டு ஆட்டோ பிடித்துக் கிளம்புங்கள். சொந்தக் காரை விட்டுவிட்டு ஆட்டோ எதற்கு என்று கேட்பீர்கள். ஆட்டோ தடுப்பு வரை கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். சொந்தக் கார் என்றால் உங்களில் ஒருவர் இடம் தேடிப் போக வேண்டும், அவர் திரும்பி வருவதற்குள் மற்றவர்கள் அப்பத்தாவோடு வெயிலில் நிற்க வேண்டும். தடுப்பில் நிற்கும் காவலரிடம் முதியவர் இருப்பதைச் சொல்லிப் பாருங்கள். உள்ளே விட்டால் நல்லது. விடாவிட்டால் வாதாடாமல் இறங்குங்கள், பின்னால் பஸ் நிற்கும். மடக்கு ஸ்டூல் ஒன்று கையில் இருக்கட்டும்.

திரும்பும்போது தேர் நிலைக்கு வந்ததும் எழுந்திருக்காதீர்கள். அந்த ஒரு மணி நேரம்தான் மொத்தக் கூட்டமும் ஒரே ரோட்டில் இறங்கும். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தால் பஸ்ஸில் சீட்டே கிடைக்கும்.

போனில் மேப் பார்த்து வந்தோம். ரோடு பச்சையாகத்தான் காட்டியது. போய்ப் பார்த்தால் தடுப்பு. அப்புறம் ஒரு கண்மாய்க்கரையில் மாட்டிக்கொண்டோம். மேப் ஏன் ஏமாற்றுகிறது?

அந்தப் பச்சையும் சிவப்பும் பெரும்பாலும் ரோட்டில் நகர்கிற போன்களின் வேகத்திலிருந்து வருகிறவை. அடைத்த ரோட்டில் வண்டி ஓடாது, அதனால் நெரிசலும் தெரியாது. நாலு மணிக்குப் போட்ட தடுப்பு அதற்கு உடனே தெரிவதுமில்லை. காலியான ரோடு என்று எடுத்துக்கொண்டு உங்களை அங்கேயே அனுப்பும். நீங்கள் திரும்பியதும், இலக்கு இன்னும் கோயிலாகவே இருப்பதால் அடுத்த சந்து, அதற்கடுத்த கண்மாய்க்கரை என்று அதே இடத்துக்கே இழுக்கும்.

அந்தக் கிராமத்து ரோடுகள் பல மூன்றேமுக்கால் மீட்டர்தான் அகலம். எதிரே ஒரு வேன் வந்தால் ஒருவர் மண்ணில் இறங்க வேண்டும், கண்மாய்க்கரையில் இறங்கவும் இடம் இராது. தடுப்பில் திருப்பிவிட்டவுடனே போனில் கோயில் பெயரை அழித்துவிட்டு, திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டையோ காரைக்குடி புதிய பஸ் ஸ்டாண்டையோ போடுங்கள். அப்போது பெரிய ரோடாகப் பார்த்துக் காட்டும். அதுவரை காவலர் கை காட்டும் திசைதான் வழி.

பார்க்கிங் நிறைந்துவிட்டது என்றார்கள். ரோட்டோரமாக ஓரங்கட்டித்தான் நிறுத்தினேன். திரும்பி வந்தால் டயரில் பூட்டு, அபராதம். ஓரமாக நிறுத்துவதில் என்ன தப்பு? (பெங்களூர் வாசகர்)

தப்புத்தான் அய்யா. எவ்வளவு பெரிய தப்பு என்று அளந்தே காட்டுகிறேன்.

இருவழி ரோடு என்றால் தார் ஏழு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கார் ஒன்றேமுக்கால் மீட்டர். மீதி ஐந்தேகால். பஸ் ஒன்று இரண்டரை மீட்டர், அதுவும் கண்ணாடியைச் சேர்க்காமல். இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் ஐந்து மீட்டர் போய்விடும், மிச்சம் ஒரு சாண் சொச்சம். கண்ணாடிகள் உரசும். உங்கள் காரைப் பார்த்து எதிர்ப்பக்கம் இன்னொருவர் நிறுத்துவார், கட்டாயம் நிறுத்துவார். இப்போது மிச்சம் மூன்றரை மீட்டர். ஒரு பஸ்தான் போகலாம், எதிரே வருவது நிற்க வேண்டும். அதன் பின்னால் அடுத்தது, அதன் பின்னால் அடுத்தது.

இருபது பஸ் ஓடுகிறது, போய்த் திரும்ப ஒரு மணி நேரம் என்று வையுங்கள். அது இரண்டு மணி நேரமாக ஆனால் பத்து பஸ்ஸை நிறுத்திவிட்டதற்குச் சமம். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் சிறப்புப் பேருந்து விடவில்லை என்று கண்டக்டரைத் திட்டுவார்கள். பஸ் விட்டிருக்கிறது. காருக்குப் பின்னால் நிற்கிறது.

வளைவில் நிறுத்துவது இன்னும் மோசம். பஸ் சுமார் 11 மீட்டர் நீளம். ஒடித்துத் திருப்பும்போது பின் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் வெளிப்பக்கமாக வீசும். முன்னால் நுழைந்துவிட்டது என்று ஒடித்தால் பின்னால் காரை அடிக்கும். டிரைவருக்கு அது தெரியும், அதனால் திருப்பமாட்டார்.

ஒரு தேர் அன்று இரவு எனக்கு நேர்ந்தது இது. வளைவில் ஒரு வெள்ளைக் கார், கியரில் போட்டுக் கை பிரேக் இழுத்துப் பூட்டியிருந்தது. தள்ளவும் முடியவில்லை. என் பஸ்ஸில் இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், நின்றுகொண்டு 90 பேருக்குக் குறையாது. முக்கால் மணி நேரம் நின்றோம். கடைசியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் இறங்கி நடந்தார்கள். கார்க்காரர் பிரசாதப் பையோடு வந்து, ஐந்து நிமிடம்தானே என்றார். அந்தப் பெண்கள் நடந்து போன முதுகு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பூட்டுப் போட்டதும் அபராதம் வாங்கியதும் சரியே.

பார்க்கிங் நிறைந்துவிட்டது என்றால் வண்டி அந்தப் பக்கம் வரக்கூடாது என்று பொருள். திரும்பிப் பக்கத்து ஊருக்குப் போய் விட்டுவிட்டு வாருங்கள். வந்த பக்கத்து ஊருக்கு.

வயலில் தற்காலிக பார்க்கிங் போடுகிறார்களே, அது பாதுகாப்பா?

வண்டிக்குப் பாதுகாப்புத்தான், மழைதான் கவலை. ஆவணி மாதம் சாயங்காலம் இடி மழை வருவது நம் பக்கத்தில் வழக்கம். நம் மண் அரை மணி நேர மழைக்கே சேறாகிவிடும். வாசல் பக்கமாக, மேட்டில், முன்பக்கம் வெளியே பார்க்க நிறுத்துங்கள். பள்ளத்தில் இடம் காட்டினால் வேறு இடம் கேளுங்கள். சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இறங்கிவிடுங்கள், மிதித்தால் அச்சு வரை புதையும்.

இரு சக்கர வாகனத்தில் வரலாமா?

வரலாம். தடுப்பு அதற்கும் உண்டு, ஹெல்மெட்டைச் சுமந்துகொண்டுதான் நடக்க வேண்டும்.

அதே நாள் குன்றக்குடியும் பார்க்க முடியுமா?

தேர் அன்று வேண்டாம். குன்றக்குடி காரைக்குடிப் பக்கத்து வழியில், மூன்று கிலோமீட்டர் சுமாரில் இருக்கிறது. இடையில் இறங்கினால் மறுபடி ஏற பஸ்ஸில் இடம் இராது. மறுநாள் காலையில் மலை ஏறுங்கள்.

கூட்டத்தில் போன் வேலை செய்யவில்லை, ஒருவரையொருவர் தேடி இரண்டு மணி நேரம் அலைந்தோம்.

அத்தனை ஆயிரம் போன் ஒரே டவரைப் பிடித்தால் அப்படித்தான். இறங்கிய உடனே ஒரு இடத்தைக் காட்டி, தவறினால் இங்கே என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள். குளக்கரை என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், குளத்துக்கு நாலு கரை. எந்த மூலை என்று சொல்லுங்கள். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள், போனில் பணம் அனுப்புவதும் அதே டவரைத்தான் நம்பியிருக்கிறது.

சென்னைக்குத் திரும்ப மறுநாள் அதிகாலைப் பல்லவனில் டிக்கெட் எடுத்திருக்கிறோம். தேர் பார்த்துவிட்டு நேரே ஸ்டேஷன் போய்விடலாமா?

பல்லவன் காரைக்குடியிலிருந்து விடியுமுன் கிளம்பும் வண்டி, நேரம் சரியாக இருக்கும். ஆனால் பெட்டி படுக்கையோடு கோயிலுக்கு வராதீர்கள், காரைக்குடி அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பஸ் இறங்கும் புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜங்ஷன் தள்ளி இருக்கிறது. அந்த நேரத்துக்கு ஆட்டோவை முதல் நாளே சொல்லி வையுங்கள்.