ரத்து செய்த சந்தாவா, கார்டு மோசடியா? – கேள்வி பதில்

கேள்வி: மாதச் சந்தாவை ரத்து செய்த பிறகும் பணம் எடுத்துவிட்டார்கள். வங்கியில் மோசடி என்று சொன்னால் சீக்கிரம் திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். அப்படியே எழுதட்டுமா?

வேண்டாம். கார்டு புகார்ப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இந்த ஒரு சொல்லாலேயே தோற்றுப்போன நியாயமான புகார்களைப் பார்த்து மனம் வெறுத்திருக்கிறேன்.

மோசடி என்று எழுதினால், "இதை நானும் செய்யவில்லை, நான் அனுமதித்த யாரும் செய்யவில்லை" என்று சொல்வதாக அர்த்தம். நீங்கள் அனுமதி கொடுத்தீர்கள், பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டீர்கள். இரண்டும் வேறு வேறு. விசா கார்டு நிறுவனத்தின் விதிகளில் இணைய மோசடிப் புகாருக்கு 10.4 என்று ஒரு காரண எண், ரத்தான பிறகும் எடுத்த தொடர் கட்டணத்துக்கு 13.2 என்று தனி எண்.

ஒரு வாடிக்கையாளர் 3ஆம் தேதி ரத்து செய்தார், 10ஆம் தேதி பணம் போனது. கோபத்தில் மோசடி என்று எழுதினார். நிறுவனம் உடனே பழைய கணக்கை எடுத்துக் காட்டியது: ஐந்து மாதம், ஏழு மாதம் முன்பு அதே லாகினிலிருந்து, அதே ஐபி முகவரியிலிருந்து இரண்டு கட்டணங்கள், எதற்கும் ஆட்சேபம் இல்லை. 2023 ஏப்ரலிலிருந்து விசாவில், 120 நாளுக்கு மேல் பழைய இப்படிப்பட்ட இரண்டு கட்டணங்களைக் காட்டினால் மோசடிப் புகார் நிற்பது கஷ்டம். புகார் விழுந்தது. கையில் 3ஆம் தேதி வந்த ரத்து உறுதி மெயில் இருந்தும் அதற்கு வேலையே இல்லாமல் போனது.

முதலில் அந்த மெயிலோடு நிறுவனத்திடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் வங்கியில் "ரத்து செய்த பிறகும் வசூலித்தார்கள்" என்று எழுதுங்கள். ரத்து தேதி, பணம் போன தேதி, மெயில் மூன்றும் போதும். மெயிலே வரவில்லையென்றால் கணக்கைத் திறந்து பாருங்கள். ரத்து பொத்தானை அழுத்தியதும் "பாதி விலைக்குத் தருகிறோம், இருங்களேன்" என்று ஒரு பக்கம் வரும். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் இருக்கும் கடைசி உறுதிப் பொத்தானை அழுத்தாமல் வெளியேறியவர்கள் ஏராளம்.

கேள்வி: இவ்வளவு எதற்கு சார்? கார்டை பிளாக் பண்ணி புதுசு வாங்கினால் முடிந்தது. நான் அப்படித்தான் செய்தேன்.

பாதி சரி. எண் திருடுபோயிருந்தால் கார்டை மாற்றியே ஆகவேண்டும். ஆனால் சந்தாவுக்கு இது நிச்சயமான வழி இல்லை. பல வங்கிகள் புது எண்ணைக் கார்டு நிறுவனம் வழியாகச் சந்தா வாங்குபவர்களுக்குத் தானாகவே தெரிவிக்கின்றன, அதனால் புது கார்டிலும் பணம் போகலாம். அப்படியே நின்றாலும் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும், பாக்கி என்று கேட்டு எழுதுவார்கள். அடுத்த இரண்டு ஸ்டேட்மெண்டையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஆப்பை டெலீட் செய்து ஒரு வருடம் ஆகிறது, இன்னும் பணம் போகிறது. இது மோசடிதானே?

இல்லை. ஆப்பை நீக்கினால் சந்தா நீங்காது. ஆப் ஸ்டோர் வழியாக வாங்கியிருந்தால், அங்கே உங்கள் கணக்கிலுள்ள சந்தாப் பட்டியலில் போய் ரத்து செய்யுங்கள்.

கேள்வி: நான் எந்தச் சந்தாவும் எடுக்கவில்லை. மூன்று மாதமாகத் தெரியாத பெயரில் சின்னத் தொகை போகிறது. அவர்கள் தளத்தில் போய் ரத்து செய்யலாமா?

செய்யாதீர்கள். எடுக்காத சந்தாவை ரத்து செய்யப் போனால் உங்கள் மெயிலும் கார்டு விவரமும் இன்னும் கொஞ்சம் அவர்கள் கைக்குப் போகும்.

முதலில் மெயிலில் அந்தத் தொகையைத் தேடுங்கள், அப்புறம் வீட்டில் கேளுங்கள். ஸ்டேட்மெண்டில் கடைப் பெயருக்குப் பதில் தாய் நிறுவனத்தின் பெயரோ பணம் வசூலித்துக் கொடுக்கும் இடைநிறுவனத்தின் பெயரோ வரலாம். மகன் எடுத்த விளையாட்டுச் சந்தாவுக்கு மோசடிப் புகார் கொடுத்த அப்பாக்கள் உண்டு.

யாருடையதும் இல்லையென்றால் அன்றைக்கே கார்டின் பின்புறம் உள்ள எண்ணில் வங்கியை அழையுங்கள். கார்டை நிறுத்தச் சொல்லி, மூன்று கட்டணங்களையும் தனித்தனியாகத் தேதியோடு குறிப்பிடுங்கள். கடைசி ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு வருவதுதான் வழக்கமான தவறு. கார்டு நிறுவன விதிகளில் பெரும்பாலும் 120 நாள்தான் அவகாசம், முதல் மாதக் கட்டணத்துக்கு அது ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: இலவசம் என்றுதான் கார்டு எண் கொடுத்தேன். பிறகு மாதாமாதம் எடுக்கிறார்கள். இது எந்தப் பக்கம்?

எங்கள் பிரிவுக்குள்ளேயே இதற்கு ஒரே பதில் இருந்ததில்லை. எண் கொடுத்தது நீங்கள் என்பதால் சிலர் மோசடி இல்லை என்பார்கள். தொடர் கட்டணத்துக்குச் சம்மதமே இல்லை என்று சிலர் வாதிடுவார்கள். எனக்குப் பிந்தையதில் நியாயம் தெரிகிறது. ஆனாலும் நானாக இருந்தால் பெயர் சூட்டாமல் நடந்ததை நடந்தபடி எழுதி, பதிவு செய்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இணைப்பேன். அந்தப் பக்கத்தில் விலை எந்த இடத்தில், எவ்வளவு சின்ன எழுத்தில் இருந்தது என்று உங்களால் காட்ட முடியுமா?