சப்போர்ட்டில் சேர்ந்தவர்கள் எங்கே போனார்கள்?

கேள்வி: எனக்கு மூன்று வருட அனுபவம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சப்போர்ட் இன்ஜினியர் வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது. "இரண்டு வருஷத்தில் டெவலப்மென்ட்டுக்கு மாறிக்கலாம்" என்கிறார் எச்.ஆர். அங்கிருந்து போனவர்களின் லிங்க்ட்இன் பக்கங்களைப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும் என்கிறான் நண்பன். எப்படிப் பார்ப்பது? அதை நம்பலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. போனவர்களை மட்டும் பார்த்தால் எச்.ஆர். சொன்னது உண்மையா என்று தெரியாது. ஏனென்றால், உள்ளேயே டெவலப்மென்ட்டுக்கு மாறியவர் இருந்தால் அவர் இன்னும் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆகவே "யார் வெளியேறினார்கள்" என்று தொடங்காதீர்கள். "குறிப்பிட்ட சில வருடங்களில் சப்போர்ட்டில் சேர்ந்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்" என்று தொடங்குங்கள். உள்ளே இருப்பவர், வெளியே போனவர் எல்லோரும் ஒரே பட்டியலில் வர வேண்டும்.

2018 முதல் 2020 வரை சேர்ந்தவர்களை எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் வந்தவர்களில் பலருக்கு அடுத்த அடி இன்னும் தெளிவாகியிருக்காது. 2012-இல் சேர்ந்தவரின் கதை வேறு நிறுவனத்தின் கதை மாதிரிதான். அன்றைய மேனேஜர்களும் இல்லை, அன்றைய தயாரிப்பும் இல்லை.

தேடும் விதம் இது. நிறுவனத்தின் பக்கத்தில் People என்ற பகுதி இருக்கும். இப்போது வேலையில் இருப்பவர்கள் அங்கே வருவார்கள். வெளியேறியவர்களுக்கு, ஆட்களைத் தேடும் பக்கத்தில் All filters திறந்து, Past company என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயரைக் கொடுக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கீழே Title என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் support engineer என்று போட்டால், இன்றைக்கும் அந்தப் பதவியில் இருப்பவர்கள்தான் வருவார்கள். டெவலப்பராக மாறியவர் அதிலேயே வடிகட்டப்பட்டுப் போய்விடுவார். நீங்கள் தேடுவதே அவரைத்தான்! அதனால் பழைய பதவியை மேலே இருக்கும் பொதுத் தேடல் பெட்டியில் போடுங்கள்:

```
"support engineer" OR "support analyst"
```

OR பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். மேற்கோள் குறியும் வேண்டும். சம்பந்தமில்லாத ஆட்களும் கொஞ்சம் வருவார்கள். ஒவ்வொருவரையும் திறந்து பார்த்துக் கழிக்க வேண்டியதுதான். இலவசக் கணக்கில் மாதத்துக்கு இவ்வளவுதான் தேடலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அது முடிந்துவிட்டால் கூகுளில் இப்படித் தேடலாம்:

```
site:linkedin.com/in "support engineer" "நிறுவனத்தின் பெயர்" Chennai
```

தொடங்குவதற்கு முன் அமைப்புகளில் Visibility-க்குப் போய், Profile viewing options என்பதில் Private mode வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாளை உங்களுக்கு டீம் லீடாக வரப்போகிறவருக்கு, நீங்கள் அவர் பக்கத்தைப் பார்த்ததாக அறிவிப்பு போகும். தப்பில்லை, ஆனால் கொஞ்சம் சங்கடம். இன்னொன்று: ஆட்களின் பெயர்களை எக்செலில் சேர்க்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது சேர்ந்த மாதம், சேர்வதற்கு முன் என்ன வேலை, இங்கே என்ன பதவி, அடுத்து எந்தப் பதவி, எப்போது என்பவை மட்டும்தான். தானாகப் பக்கங்களை அள்ளித்தரும் கருவிகள் பக்கம் போகவே வேண்டாம். லிங்க்ட்இன் விதிகள் அதை அனுமதிப்பதில்லை, கணக்கையே முடக்கிவிடுவார்கள். முப்பது பேரைப் பார்க்க இரண்டு மாலை நேரம் போதும்.

என் அக்கா மகனுக்கு இதே மாதிரி ஓர் ஆஃபர் வந்தபோது உட்கார்ந்து செய்தோம். மூன்று வருடங்களில் சப்போர்ட்டில் சேர்ந்தவர்கள் 34 பேர் கிடைத்தார்கள். அதில் 13 பேர் உள்ளே இருந்தார்கள், 21 பேர் போய்விட்டார்கள்.

முதலில் உள்ளே இருந்த 13 பேர். ஒரே நிறுவனத்தில் பதவி மாறினால் லிங்க்ட்இன் அதை ஒரே தலைப்பின் கீழ் படிப்படியாக அடுக்கிக் காட்டும். அதனால் உள்மாற்றம் பளிச்சென்று தெரியும். 11 பேர் சீனியர் சப்போர்ட், டீம் லீட் என்று அதே ஏணியில் ஏறியிருந்தார்கள். டெவலப்மென்ட்டுக்குப் போனவர்கள் இரண்டே பேர். அந்த இருவரும் எவ்வளவு காலம் கழித்து மாறினார்கள் என்று பார்த்தோம். ஒருவருக்கு இரண்டரை வருடம், இன்னொருவருக்கு நாலு வருடம்.

வெளியே போன 21 பேரில் ஒன்பது பேர் வேறு நிறுவனத்தில் மீண்டும் சப்போர்ட். டெவலப்பர் ஆனவர்கள் நால்வர். மூன்று பேர் டெவாப்ஸ் பக்கம், இரண்டு பேர் பிசினஸ் அனலிஸ்ட், இரண்டு பேர் மேற்படிப்புக்கு வெளிநாடு. ஒருவருக்கு அதன்பின் பதிவே இல்லை.

"நாலும் ரெண்டும் ஆறு, 34-இல் ஆறு, பரவாயில்லையே" என்றான் பையன். சரி, அந்த நால்வரும் சப்போர்ட்டில் சேர்வதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்க்கச் சொன்னேன். மூன்று பேர் ஏற்கெனவே ஜாவா டெவலப்பராக இருந்தவர்கள். ஏதோ காரணத்தால் இடையில் சப்போர்ட்டுக்கு வந்து, பழைய தொழிலுக்கே திரும்பிப் போயிருக்கிறார்கள். அவர்களை அந்த நிறுவனம் டெவலப்பர் ஆக்கவில்லை. கழித்தால் மிச்சம் மூன்று பேர். நிறுவனத்துக்கு வரும் முன்னே ஒருவரிடம் என்ன இருந்தது என்று பார்க்காமல் போட்ட கணக்கு எல்லாமே இப்படித்தான் ஊதிப்போகும்.

அதே சமயம் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று கண்ணில் பட்டது. டெவாப்ஸ் போன மூவருக்கும் முன்அனுபவம் எதுவும் இல்லை. மூவருமே இரவு ஷிப்டில் சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் குழுவில் இருந்ததாகத் தங்கள் வேலைக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். எச்.ஆர். சொன்ன வாசல் குறுகல். சொல்லாத வாசல் ஒன்று பக்கத்தில் திறந்திருந்தது. மூன்று பேரை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனால் நேர்காணலில் கேட்பதற்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.

தேதிகளும் பேசும். வெளியேறியவர்களில் பலர் 24, 25 மாதங்களில் கிளம்பியிருந்தார்கள். அது இரண்டு வருட பாண்ட் முடியும் நேரம். இதைப் போல ஒரே மாதத்தில் ஏழெட்டுப் பேர் வெளியேறி, அடுத்த வேலைக்கு நாலைந்து மாத இடைவெளி இருந்தால் ஆட்குறைப்பு நடந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். நம் ஊரில் இரண்டு, மூன்று மாத நோட்டீஸ் காலம் வழக்கம். தானாகப் போகிறவர் பெரும்பாலும் அடுத்த ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேப்பர் போடுவார், இடைவெளி விழாது. 2021 பிற்பாதியிலும் 2022-இலும் போனவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஐ.டி. துறை முழுக்க ஆள் கிடைக்காமல் அலைந்த காலம் அது. 2022 மார்ச்சில் முடிந்த ஒரு வருடத்தில் இன்ஃபோசிஸிலேயே வெளியேறுவோர் விகிதம் 27.7 சதவீதம். அன்றைக்குக் கிடைத்த தாவல் இன்றைக்கும் கிடைக்கும் என்று கணக்கில் எழுத வேண்டாம்.

ஏமாறக்கூடிய இடங்கள் சில. நிறுவனத்தின் பெயர் மாறியிருக்கும். ஆள் நகர்ந்திருக்கவே மாட்டார். பட்னியில் சேர்ந்தவர் ஐகேட், கேப்ஜெமினி என்று மூன்று பெயர்களைப் போட்டிருப்பார். இணைப்பால் பெயர்ப்பலகை மட்டுமே மாறியிருக்கும். எல் அண்ட் டி இன்ஃபோடெக்கும் மைண்ட்ட்ரீயும் 2022 நவம்பரில் ஒன்றானதும் அப்படித்தான். ஜோஹோவில் ரொம்பப் பழைய ஆட்களைத் தேடினால் அட்வென்ட்நெட் என்ற பெயரிலும் தேட வேண்டும். அப்புறம், வேறு ஏஜென்சியின் சம்பளப்பட்டியலில் இருந்துகொண்டு, உட்கார்ந்து வேலை பார்த்த கம்பெனியின் பெயரை எழுதிக்கொள்பவர்கள் உண்டு. அவர்களுக்கு உள்மாற்றம் என்ற வாய்ப்பே இருந்திருக்காது, ஆகவே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வேலை விவரத்தில் ஏஜென்சி பெயரோ "கான்ட்ராக்ட்" என்ற சொல்லோ இருந்தால் அதுதான்.

பெரிய பெயர்களைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். ஃப்ரெஷ்வொர்க்ஸைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதம் ஜோஹோவிலிருந்து வந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து அங்கே சேரும் ஒரு சப்போர்ட் இன்ஜினியரின் ஐந்தாவது வருடத்தைச் சொல்லிவிட முடியுமா? உங்கள் பதவியில், உங்கள் அனுபவத்தோடு சேர்ந்தவரின் பாதைதான் உங்களுக்கு உதவும்.

கடைசியாக, இந்தப் பட்டியலில் வராதவர்கள். வேலையை விட்டு ஊருக்குப் போய்க் கடை வைத்தவர், குழந்தை பிறந்தபின் திரும்பாதவர், வேலை போனதால் பக்கத்தையே மூடிவைத்தவர் என யாரும் லிங்க்ட்இன்னில் அதை எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். நன்றாகப் போனவர்தான் உடனே புதுப்பிப்பார். அதனால் நீங்கள் எண்ணுவது எப்போதும் நிஜத்தைவிடக் கொஞ்சம் அழகாகவே இருக்கும். 34-இல் மூன்று என்றால், உண்மையில் அதைவிடக் குறைவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். "இப்போதும் அங்கேதான்" என்று காட்டும் பக்கத்தில் இரண்டு வருடமாக அசைவே இல்லையென்றால் அவரை உள்ளே இருப்பவராக எண்ணாமல், தெரியாதவர் கணக்கில் வையுங்கள்.

பட்டியல் முடிந்ததும், உள்ளே மாறியவர்களிலும் வெளியே போனவர்களிலும் இரண்டு மூன்று பேருக்கு ஒரு வரி எழுதுங்கள். "கம்பெனி எப்படி சார்?" என்று கேட்டால் பதில் வராது; வந்தாலும் "குட் கம்பெனி" என்றுதான் வரும். ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள்: "சார், நீங்கள் சப்போர்ட்டிலிருந்து டெவலப்மென்ட்டுக்கு மாறியபோது உள்தேர்வு இருந்ததா, மேனேஜர் ஒப்புதல் போதுமாக இருந்ததா?" எங்கள் விஷயத்தில் ஒருவர் மட்டும் பதில் எழுதினார்: "தேர்வு இருந்தது, பாஸ் ஆனேன், ஆனால் மேனேஜர் ரிலீஸ் பண்ண பதினொரு மாதம் ஆனது." அந்த ஒரு வரி 34 பேர் பட்டியலைவிடக் கனமாக இருந்தது.

பையன் அடுத்த சுற்றில் எச்.ஆரிடம் மூன்றே கேள்வி கேட்டான். இந்தக் குழுவிலிருந்து போன வருடம் எத்தனை பேர் டெவலப்மென்ட்டுக்குப் போனார்கள், மாறுவதற்கான தேர்வை எப்போது எழுதலாம், சர்வர் பார்க்கும் குழுவில் சேர்க்க முடியுமா? முதல் இரண்டுக்கும் "பார்த்துச் சொல்கிறேன்" என்றார். மூன்றாவதற்கு உடனே சரி என்றார், இரவு ஷிப்டுக்கு ஆள் கிடைப்பதில்லையாம். அதைக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லி, வாங்கிக்கொண்டுதான் சேர்ந்தான்.